தட்டை வரைபடத்தில் பிழையை எங்கே வைப்பது?

கேள்வி: பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. அந்தக் காலத்தில் வரைந்தவர்களுக்குப் பூமி உருண்டை என்பது சரியாகத் தெரியாததால் வந்த தவறா இது? இப்போது செயற்கைக்கோள், கணினி எல்லாம் இருக்கும்போது பிழையே இல்லாத ஒரு தட்டைப் படம் ஏன் போடக்கூடாது?

தெரியாமல் செய்த தவறு அல்ல. 1569ல் மெர்கேட்டர் என்பவர் கணக்குப் போட்டு, தெரிந்தே வைத்த பிழை அது. மாலுமிக்கு ஒரு வசதி வேண்டியிருந்தது. அதற்கு விலையாகக் கிரீன்லாந்து பெருத்தது.

பழைய படங்களில் இரண்டு வகைப் பிழைகள் கலந்து கிடக்கும். ஒன்று தகவல் பிழை: ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதே தவறாகத் தெரிந்திருக்கும். அளக்க அளக்க அது குறையும், செயற்கைக்கோள் வந்தபின் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. மற்றது உருண்டையைத் தாளில் விரிப்பதால் வரும் பிழை. எந்தக் கருவி வந்தாலும் இது போகாது. போகாது என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை, ஒரு வட்டம் போதும்.

வட துருவத்தில் நின்று எல்லாத் திசைகளிலும் 10,000 கிலோமீட்டர் நடப்பதாக வையுங்கள். எந்தப் பக்கம் போனாலும் பூமத்திய ரேகையை அடைவீர்கள். ஆக, துருவத்தை மையமாகவும் 10,000 கி.மீ.யை ஆரமாகவும் கொண்ட வட்டம்தான் பூமத்திய ரேகை. அதன் சுற்றளவு 40,000 கி.மீ. ஆனால் தட்டையான தாளில் 10,000 கி.மீ. ஆரம் கொண்ட வட்டத்தின் சுற்றளவு 2 × 3.14 × 10,000, அதாவது சுமார் 62,800 கி.மீ. துருவத்திலிருந்து போகும் தூரங்களைச் சரியாக வைத்தால் பூமத்திய ரேகையை 57 சதவீதம் இழுத்தாக வேண்டும். ரேகையைச் சரியாக வைத்தால் ஆரங்களைச் சுருக்க வேண்டும். இரண்டும் ஒரே தாளில் பொருந்தாது. ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்தில் இருப்பது துருவத் தூரங்களைக் காப்பாற்றும் படம்தான். அதில் தெற்கே போகப் போக நாடுகள் பக்கவாட்டில் அகன்று கிடப்பதைப் பார்க்கலாம்.

தாளை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டினால் அது கசங்குவதில்லை. அதே தாளைப் பந்தின்மேல் ஒட்டிப் பாருங்கள், எங்காவது மடிப்பு விழும், இல்லையென்றால் கிழியும். வளைவுக்கே உரிய இந்தக் குணத்தைப் பொதுவான தேற்றமாக 1827ல் கணித அறிஞர் கவுஸ் நிறுவினார். ஆனால் வரைபடம் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதற்கு 1,700 ஆண்டுகள் முன்பே தெரியும்.

கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி எழுதிய 'புவியியல்' நூலில் சுமார் 8,000 இடங்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் பட்டியலாக உண்டு. கூடவே, அவற்றைத் தாளில் எப்படிப் பதிப்பது என்ற செய்முறையும் உண்டு. அவருக்குச் சற்று முந்தைய மரினஸ், எல்லா ரேகைகளையும் நேர்கோடுகளாகப் போட்டுச் செவ்வகக் கட்டம் கட்டியிருந்தார். ரோட்ஸ் தீவு இருக்கும் 36 பாகையில் கிழக்கு மேற்கு தூரம், பூமத்திய ரேகையில் உள்ளதைப்போல் ஐந்தில் நான்கு பங்குதான் என்று அவருக்குத் தெரியும். (36 பாகையின் கொசைன் 0.809.) எனவே கட்டங்களை 4:5 விகிதத்தில் அமைத்தார். ரோட்ஸ் வழியாகப் போகும் ரேகையில் படம் சரியாக இருந்தது. அதற்கு வடக்கே எல்லாம் அகன்றது, தெற்கே எல்லாம் ஒடுங்கியது. தாலமி குறை சொன்னது இதைத்தான்: உருண்டையில் தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்க வேண்டும், இங்கே நெருங்கவில்லையே.

அவர் சொன்ன மாற்று வழியை இன்றைக்கும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். பெரிய தாளின் மேல் விளிம்புக்கு அருகே ஒரு புள்ளி வையுங்கள். அதை மையமாக வைத்து மூன்று வட்ட வில்கள் வரைய வேண்டும். தாலமி தந்த ஆரங்கள் 52, 79, 115 அலகுகள். ஓர் அலகுக்கு 2 மில்லிமீட்டர் வைத்தால் 10.4, 15.8, 23 செ.மீ. முதல் வில் வடகோடி நிலமாக அவர் கருதிய தூலே (63 பாகை), நடுவில் ரோட்ஸ் (36 பாகை), மூன்றாவது பூமத்திய ரேகை. 115லிருந்து 79ஐக் கழித்தால் 36, 52ஐக் கழித்தால் 63. அதாவது ஓர் அலகு என்பது ஒரு பாகை. வடக்கு தெற்கு தூரம் எங்கும் சரியாக வந்துவிடுகிறது. இனி ரோட்ஸ் வில்லில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 4 அலகு (8 மி.மீ.) இடைவெளியில் பதினெட்டு பதினெட்டுப் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மேலே உள்ள மையத்தோடு கோட்டால் இணையுங்கள். ஓர் இடைவெளி 5 பாகை. மொத்தம் 180 பாகை. அவர் அறிந்த உலகம் அவ்வளவுதான்.

இதில் பிழை எங்கே போனது? ரோட்ஸ் வில்லில் 5 பாகைக்கு 4 அலகு. இது ஏறக்குறைய சரி. பூமத்திய ரேகையில் 4 × 115 ÷ 79 = 5.82 அலகு வருகிறது. இருக்க வேண்டியது 5. தூலேயில் 2.63 வருகிறது. இருக்க வேண்டியது 2.27. இரண்டு ஓரங்களிலும் 16 சதவீதம் கூடுதல். மேலும் கீழும் ஒரே அளவு பிழை வரும்படி அந்த 115 என்ற எண்ணைத் தேர்ந்திருக்கிறார் என்பதுதான் இதில் அழகு. நன்றாகத் தெரிந்த மத்தியதரைக்கடல் பகுதியை நடுவில் வைத்து, பிழையை இரண்டு விளிம்புகளுக்கும் பங்கு போட்டு அனுப்பிவிட்டார்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இந்தக் கூம்பு அப்படியே விரிந்துகொண்டே போகும். உண்மையில் அங்கே ரேகைகள் மறுபடி நெருங்க வேண்டும். அதற்காக அவர் தீர்க்கரேகைகளைப் பூமத்திய ரேகையில் ஒடித்து உள்பக்கம் திருப்பினார். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அவருக்கே அது முழுத் திருப்தி தரவில்லை போலும், தீர்க்கரேகைகளையும் வளைவாகப் போடும் இரண்டாவது முறையையும் சேர்த்தே சொன்னார். அது உருண்டைக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் வரையக் கடினம்.

இவ்வளவு நுணுக்கமாகக் கட்டம் போட்டவரின் படத்தில் இலங்கை பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போகிறது. நம் கொற்கையும் காவிரிப்பூம்பட்டினமும் கொல்கோய், கபேரிஸ் என்று பட்டியலில் இருக்கின்றன, ஆனால் அவை நிற்கும் தீபகற்பமே தெற்கு நோக்கி இறங்காமல் நசுங்கிக் கிடக்கிறது. மத்தியதரைக்கடலின் நீளம் 42 பாகைக்குப் பதில் 62 பாகை. இவை முன்பு சொன்ன முதல் வகைப் பிழைகள். அட்சரேகையை நிழல் நீளத்தைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். தீர்க்கரேகைக்கு இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் வேண்டும், அது கைவசம் இல்லாததால் வணிகர்களும் மாலுமிகளும் சொன்ன பயண நாள்களை வைத்தே கணக்கிட்டார்கள். போதாக்குறைக்கு, பாகைக்கு 700 ஸ்டேடியம் (கிரேக்கர்களின் தூர அலகு) என்று அவருக்கு முந்தைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் சொன்ன அளவை விட்டுவிட்டு 500 என்ற சிறிய அளவைத் தாலமி எடுத்துக்கொண்டார். பூமி சிறுத்ததால், அதே பயண தூரம் அதிகப் பாகைகளைப் பிடித்துக்கொண்டது. கட்டத்தின் மேல் இதற்குப் பழி போட முடியாது.

இனி கடலுக்கு வருவோம், உங்கள் கிரீன்லாந்து பெருத்தது அங்கேதான். மாலுமி கையில் திசைகாட்டி இருக்கிறது. அவனுக்கு வசதியான பயணம் என்பது ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போவது. உதாரணமாக எப்போதும் வடகிழக்கு. மத்தியதரைக்கடல் போன்ற சிறிய கடலில் அந்தப் பாதையைப் படத்தில் நேர்கோடாகப் போட்டால் பெரிய தொந்தரவு இல்லை. அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கியபோது தொந்தரவு தொடங்கியது. ஒவ்வொரு பாகையையும் சமச் சதுரமாகப் போட்ட படங்களைத்தான் அப்போது பயன்படுத்தினார்கள். 60 பாகை வடக்கில் ஒரு கப்பல் வடகிழக்கு பிடித்து ஒரு பாகை வடக்கே, அதாவது 111 கி.மீ., போனால் கிழக்கேயும் 111 கி.மீ. போயிருக்கும். ஆனால் அந்த அட்சத்தில் ஒரு தீர்க்கரேகைப் பாகை 55.5 கி.மீ. மட்டுமே. எனவே கப்பல் கடந்தது இரண்டு பாகைகள். படத்தில் 45 பாகைக் கோடு காட்டுவதோ ஒரு பாகை. நூறு கி.மீ. சொச்சம் வடக்கே போவதற்குள் 55 கி.மீ. விலகல். 1537ல் போர்த்துக்கீசியரான பெத்ரோ நூனிஸ் இன்னொன்றையும் விளக்கினார்: உருண்டையில் திசை மாறாத பாதை என்பது துருவத்தைச் சுற்றிச் சுற்றி நெருங்கும் சுருள். 1541ல் மெர்கேட்டர் தாம் செய்த உலக உருண்டையில் அந்தச் சுருள்களை வரைந்தும் காட்டினார்.

அந்தச் சுருளைத் தாளில் நேர்கோடாக்க என்ன செய்ய வேண்டும் என்பதே 1569ல் அவர் தீர்த்த கணக்கு. யோசித்தால் எளிமையானது. தீர்க்கரேகைகளை இணைகோடுகளாகப் போட்ட நொடியிலேயே 60 பாகையில் கிழக்கு மேற்கு தூரம் இரண்டு மடங்கு இழுபட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் அதே இடத்தில் வடக்கு தெற்கு தூரத்தையும் இரண்டு மடங்கு இழுத்தால், அங்கே கோணம் காப்பாற்றப்படும். எந்த அட்சத்திலும் எவ்வளவு அகன்றதோ அவ்வளவு உயர்த்து. படத்தின் மேலேயே இந்த விதியை எழுதி வைத்தார். பதினெட்டுத் தாள்களில் அச்சான, 2 மீட்டருக்கும் சற்று அகலமான படம் அது.

இதை நீங்களே போட, பூமத்திய ரேகையில் 10 பாகைக்கு 1 செ.மீ. வையுங்கள், மொத்த அகலம் 36 செ.மீ. இழுப்பின் அளவு 1 ÷ கொசைன். ஒவ்வொரு பத்துப் பாகைப் பட்டைக்கும் அதன் நடு அட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 5, 15, 25 என்று 75 வரை. பட்டைகளின் உயரம் வரிசையாக 1.00, 1.04, 1.10, 1.22, 1.41, 1.74, 2.37, 3.86 செ.மீ. வரும். அடுக்கிக்கொண்டே போனால் 60 பாகைக் கோடு 7.5 செ.மீ. உயரத்திலும், 80 பாகைக் கோடு சுமார் 13.75 செ.மீ. உயரத்திலும் விழும். துல்லியமான அளவு 7.55, 13.96. கையால் போட்ட படத்துக்கு இது போதும். பலர் செய்யும் தவறு, பட்டையின் நடுவை விட்டுக் கீழ் ஓரத்து அட்சத்தை எடுப்பது. அப்படிச் செய்தால் 80 பாகைக் கோடு 12 செ.மீ.யிலேயே நின்றுவிடும், கிட்டத்தட்ட 2 செ.மீ. குறைவு. சரிபார்க்க ஒரு வழி: 60 பாகையை ஒட்டிய ஒரு பாகைக் கட்டம் அகலத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு உயரமாக இருக்க வேண்டும்.

பட்டை மெலிந்தால் பிழையும் குறையும். 1599ல் எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலேயர் ஒவ்வொரு கலைக்கும், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும், இதே கூட்டலைச் செய்து அட்டவணை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான கூட்டல்கள், எல்லாம் கையால். மெர்கேட்டர் செய்முறை விவரம் எதுவும் தராமல் விட்டதால், மற்றவர்கள் இந்தக் கட்டத்தைச் சரியாகப் போட முடிந்ததே இந்த அட்டவணைக்குப் பிறகுதான். பிறகு 1640களில் ஹென்றி பாண்ட் என்பவர், ரைட்டின் எண்கள் டேஞ்சென்ட்டின் மடக்கை அட்டவணையோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். அதன் நிரூபணம் வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்று நாம் எழுதும் வாய்ப்பாடு அதுதான்:

```
y = R · ln( tan(45° + φ/2) )
```

φ என்பது அட்சரேகை. நம் கைப்படத்துக்கு R = 5.73 செ.மீ. φக்கு 60° கொடுத்தால் 7.55 கிடைக்கும். 90° கொடுத்தால் விடை முடிவிலிக்குப் போய்விடும். துருவம் இந்தப் படத்தில் எந்தக் காலத்திலும் வராது. அதனால்தான் மெர்கேட்டர் கீழ் மூலையில் வட துருவத்துக்குத் தனியாக ஒரு குட்டிப் படம் வைத்தார்.

இப்போது விலையைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் இழுத்ததால் பரப்பு வர்க்கமாகப் பெருகும். சென்னையில் 1.05 மடங்கு, கண்ணுக்கே தெரியாது. 60 பாகையில், அதாவது கிரீன்லாந்தின் தென்முனையில், 4 மடங்கு. அதன் நடுவில் 72 பாகையில் 10 மடங்குக்கு மேல். 80 பாகையில் 33 மடங்கு. கிரீன்லாந்தின் உண்மைப் பரப்பு 21.6 லட்சம் சதுர கி.மீ.; இந்தியா 32.9 லட்சம், ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி. பதினான்கு கிரீன்லாந்தை ஆப்பிரிக்காவுக்குள் அடுக்கலாம். பூமத்திய ரேகை நடுவே ஓடும் ஆப்பிரிக்கா பெரிதாக இழுபடவில்லை, துருவத்தை ஒட்டிய கிரீன்லாந்து இழுபட்டது. சுவரில் இரண்டும் சமமாகத் தெரிவது அதனால்தான்.

இரண்டாவது விலை, நேர்கோடு குறுக்குவழி அல்ல. ஒஸ்லோ, அலாஸ்காவின் ஆங்கரேஜ் இரண்டும் ஏறக்குறைய 60 பாகையில் இருக்கின்றன. மெர்கேட்டர் படத்தில் இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் வழி போனால் சுமார் 8,800 கி.மீ. உருண்டையில் நூல் கட்டி இழுத்தால் பாதை துருவத்தை ஒட்டிப் போகும், தூரம் 6,450 கி.மீ.தான். மெர்கேட்டர் கோடு சொல்வது 'இந்தத் திசையைப் பிடித்தால் போய்ச்சேர்வாய்' என்பதை மட்டும்.

அளவுகோலும் ஊருக்கு ஊர் மாறும். மாலுமிகள் இதை அழகாகச் சமாளித்தார்கள். கவராயத்தில் தூரத்தைப் பிடித்து, படத்தின் பக்கவாட்டு ஓரத்தில், பயணம் நடக்கும் அதே அட்சத்துக்கு நேரே வைத்து அளப்பார்கள். அங்கே ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ வைத்து அளந்தால் கணக்கு கெட்டுவிடும்.

பரப்பைக் காப்பாற்றும் படம் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. 1855ல் ஜேம்ஸ் கால் என்பவர் வகுத்ததும், 1973ல் பீட்டர்ஸ் என்பவர் பிரபலப்படுத்தியதுமான படத்தில் எல்லா நாடுகளின் பரப்பும் சரி விகிதத்தில் இருக்கும். ஆனால் அது 45 பாகையில்தான் வடிவத்தைக் காப்பாற்றும். பூமத்திய ரேகையில் உயரம் அகலத்தைப்போல் இரு மடங்கு இழுபட்டு, ஆப்பிரிக்கா கொடியில் காயப்போட்ட ஈரத்துணி போலத் தொங்கும். கோணமா பரப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பள்ளிச் சுவரில் நாடுகளின் அளவைக் காட்டத்தான் படம் மாட்டுகிறோம், அங்கே மெர்கேட்டருக்கு வேலையில்லை என்பதே என் கருத்து. கடலில் அது இன்றும் நல்ல படம்தான்.

தமிழ்நாட்டை மட்டும் வரைவதானால் இந்தச் சண்டையே தேவையில்லை. கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் மாவட்டம் வரை மெர்கேட்டரின் இழுப்பு 1.01லிருந்து 1.03 வரைதான் மாறும். கைபேசியில் வரும் வலைவழிப் படங்கள் பல இன்னும் இதே மெர்கேட்டரைப் பயன்படுத்துவதும் அதனால்தான்: தெருமுனை செங்கோணமாக இருந்தால் படத்திலும் செங்கோணமாகவே தெரியும். அவை 85.05 பாகையில் வெட்டி நிறுத்தப்படுகின்றன. அந்த இடத்தில் வெட்டினால் உலகம் சரியான சதுரமாகிறது, நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போக வசதி. அப்படிப்பட்ட ஒரு படத்தில் உருப்பெருக்கத்தை மாற்றாமல் கன்னியாகுமரியிலிருந்து நார்வேக்கு நகர்த்திவிட்டு, மூலையில் உள்ள அளவுகோலைப் பாருங்கள். இங்கே 100 மீட்டர் காட்டிய நீளம் அங்கே சுமார் 50 மீட்டர்தான்.

உங்கள் பள்ளிப் படம் எந்த வகை என்று அறிய ஓர் அளவுகோல் போதும். தீர்க்கரேகைகள் நேரான இணைகோடுகளாக இருந்தால், பூமத்திய ரேகையிலிருந்து 20 பாகை வரையுள்ள உயரத்தையும், 40 முதல் 60 வரையுள்ள உயரத்தையும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் மரினஸ் போட்ட வகைச் செவ்வகக் கட்டம். மேலே உள்ளது குறைந்தால் பரப்பைக் காப்பாற்றும் படம். மேலே உள்ளது ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் அது மெர்கேட்டர்.